கெட்டிமேளத்துக்கு முன்: ஓட்டிசம் உள்ள பிள்ளையுடன் கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போகும் முறை

என் மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்கு அவனை அழைத்துச் சென்றிருந்தோம். தாலி கட்டும் வேளையில் கெட்டிமேளம் முழங்கியதும் அவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு பின்கதவால் ஓடிவிட்டான். சபை முழுவதும் மணவறையைப் பார்த்து எழுந்து நின்றதால் அவன் போனதை யாரும் காணவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் கட்டில்லாத கிணறு ஒன்று இருந்தது. அதற்குப் பத்தடி இப்பால் அவனைச் சமையற்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு வருடங்கள் நாங்கள் எந்தக் கலியாணத்துக்கும் அவனைக் கொண்டுபோகவில்லை.

பிறகு என் கணவரின் கடைசித் தங்கைக்குத் திருமணம் நிச்சயமானது. மகன் மிகவும் விரும்புகின்ற மாமி அவர். அவனை வீட்டில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கிளிநொச்சியில் நடந்த அந்தத் திருமணத்துக்காக நாங்கள் ஒரு மாதம் செய்த ஆயத்தத்தையும், அதில் எது பலித்தது எது பிழைத்தது என்பதையும், புதிதாக இந்த வழியில் காலடி எடுத்து வைக்கும் பெற்றோருக்காக வரிசையாக எழுதுகிறேன். கோயிலுக்கும் திருவிழாவுக்கும் இதே முறையைச் சிறு மாற்றங்களுடன் பயன்படுத்தலாம் என்பதால் அவற்றை இறுதியில் சொல்கிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவற்றை ஓட்டிசம் உள்ள பலர் மற்றவர்களைவிட மிகக் கூடுதலாகவோ மிகக் குறைவாகவோ உணர்கிறார்கள். 2013 இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோயறி அளவுகோல்களைத் திருத்தியபோது, இந்தப் புலன் வேறுபாட்டையும் ஓட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே பிள்ளை காதைப் பொத்துவதையும் பட்டுச் சட்டையைக் கழற்றி எறிவதையும் குழப்படி என்றோ செல்லம் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் ஒலி அவனுக்கு உண்மையாகவே வலிக்கலாம்.

இதில் இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஒன்று திடீரென்று வருவது, மற்றையது சிறிது சிறிதாகச் சேர்வது. வன்னியில் இருப்பவர்களுக்கு இரண்டாவதைக் குளத்தை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். குளம் வான்பாய்வதற்குக் கடைசியாகப் பெய்த மழை மட்டும் காரணமாவதில்லை. அதற்கு முன் பெய்த மழையெல்லாம் உள்ளே நிற்கிறது. காலையில் புதுச் சட்டையின் உறுத்தல், வான் வண்டியில் நெருக்கம், வாசலில் பன்னீர், பத்துப் பேர் கன்னத்தைக் கிள்ளியது, வீடியோக்காரரின் வெளிச்சம் என்று எல்லாம் சேர்ந்து நின்ற பிறகு, யாரோ ஒருவர் கதிரையை இழுத்த ஓசைக்குப் பிள்ளை உடைந்து அழுகிறான். பார்ப்பவர்கள் “கதிரைச் சத்தத்துக்கா இப்படி?” என்று கேட்பார்கள். வான் பாயும் முன்னரே துருசைத் திறந்து விடுவதுதான் நம்முடைய வேலை.

இதற்கு எதிரான பிள்ளைகளும் உண்டு. தவிலின் அதிர்வை உடம்பால் உணர விரும்பி மேளகாரரை நோக்கியே ஓடுகின்ற பிள்ளையை நான் அறிவேன். அந்தப் பிள்ளைக்குக் காதுக்கவசத்தால் பயனில்லை. மேளத்துக்கு அருகில் பாதுகாப்பான ஓர் இடமும் பக்கத்தில் ஓர் ஆளும்தான் தேவை. ஆகவே அழைப்பிதழ் கிடைத்தவுடன் இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த ஒலிக்கு விலகினான், எதை நாடினான், கலங்குவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் உடம்பில் என்ன மாற்றம் தெரிந்தது என்பவற்றை நேரத்தோடு குறியுங்கள். என் மகன் எப்போதும் மெல்ல முனகிக்கொண்டிருப்பான், அது அவனுக்கு ஆறுதல். அந்த முனகலின் சுருதி உயர்வதும், சேட்டின் கழுத்துப் பட்டியைக் கடிப்பதும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பதும்தான் அவனுடைய முன்னறிகுறிகள். கையை அசைப்பதும் முனகுவதும் நிறுத்தப்பட வேண்டியவை அல்ல. அவை வேகமெடுப்பதை மட்டும் கவனியுங்கள்.

திருமணத்தைத் துண்டுகளாகப் பிரித்தல்

முழுத் திருமணத்துக்கும் பிள்ளையைக் கொண்டுபோவது என்ற எண்ணத்தையே முதலில் விட்டுவிட வேண்டும். நம்முடைய இந்துத் திருமணம் மாப்பிள்ளை வருகை, தொடக்கக் கிரியைகள், கன்னிகாதானம், கூறை கொடுத்தல், மணமகள் கூறை உடுத்தி வருதல், தாலி கட்டு, மாலை மாற்றல், ஓமம் வளர்த்து வலம் வருதல், அறுகரிசி இட்டு ஆசி கூறல், ஆலாத்தி, சாப்பாடு, படம் எடுத்தல் என்று நான்கு ஐந்து மணித்தியாலம் நீள்கிறது. ஐயருக்கு ஐயர் வரிசை சற்று மாறும் என்பதால், கிரியை செய்விக்கப்போகும் ஐயரிடமே வரிசையையும் அண்ணளவான நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவற்றுள் பிள்ளைக்குரிய துண்டு எது என்று ஒன்றையோ இரண்டையோ மட்டும் தெரிவு செய்யுங்கள்.

நாங்கள் இரண்டைத் தெரிந்தோம். முதலாவது, சனம் வருவதற்கு முன் மணப்பெண்ணோடு ஒரு படம். இரண்டாவது, தாலி கட்டு. ஒலி மிகுந்த இடத்தையே ஏன் தெரிந்தீர்கள் என்று பலர் கேட்டார்கள். மாமிக்குத் தாலி கட்டுவதைத் தான் பார்க்க வேண்டும் என்று படத்தைக் காட்டிக் கேட்டவன் மகன்தான். அதோடு, முழுத் திருமணத்திலும் கெட்டிமேளம் ஒன்றுதான் முன்கூட்டியே கண்ணால் காணக்கூடிய அறிவிப்புகளுடன் வருகின்ற பேரொலி. இதை நான் ஒரு பழைய திருமண வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் கண்டுகொண்டேன்.

கூறைத் தட்டை வாங்கிக்கொண்டு மணமகள் உடுக்கப் போவாள். அந்த இடைவெளி இருபது நிமிடத்துக்குக் குறையாது, மண்டபம் ஓரளவு தணிந்திருக்கும். அவள் திரும்பி வந்து அமர்ந்ததும் தாலி வைத்த தட்டு பெரியவர்கள் தொட்டு ஆசி கூறுவதற்காகச் சபைக்குள் கொண்டுவரப்படும். தட்டு மணவறைக்குத் திரும்பும். ஐயர் மேளகாரரைப் பார்த்துக் கையால் சைகை செய்வார். அதற்கு அடுத்த கணம் கெட்டிமேளம். எனவே கூறை, தட்டு, கை, மேளம் என்று நான்கு படங்களாகப் பிள்ளைக்கு இதைக் காட்டலாம். எப்போது தொடங்கும் என்று தெரிவதோடு எப்போது முடியும் என்று தெரிவதும் அவனுக்கு முக்கியம். நான் பார்த்த வீடியோவில் கெட்டிமேளம் ஒன்றரை நிமிடம் ஒலித்தது. நூறு வரை மெதுவாக எண்ணினால் முடிந்துவிடும் என்பதை ஐந்தாவது படமாகச் சேர்த்தோம்.

வீட்டாரிடம் கேட்க வேண்டியவை

நிறையக் கேட்டால் ஒன்றும் நடக்காது என்பது என் அனுபவம். ஆகையால் நான் மூன்றே மூன்று கேட்டேன். அவற்றையும் பந்தல், மேளம், ஒலிபெருக்கி என்பவற்றுக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்பே, திருமணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, என் கணவரின் தகப்பனாரிடம் நேரில் கேட்டேன்.

முதலாவது, நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக் வைக்க வேண்டாம் என்பது. அந்த வாத்தியங்கள் திறந்த வெளியில் ஊருக்கே கேட்பதற்காகச் செய்யப்பட்டவை. தகரக் கூரையும் சீமெந்துச் சுவரும் உள்ள மண்டபத்துக்குள் அவற்றை ஒலிபெருக்கியில் விடும்போது, பெரிய பெட்டிகளிலிருந்து வரும் அடித்தொனி நெஞ்சில் இடிக்கும். அந்த அதிர்வைக் காதுக்கவசம் தடுக்காது. இரண்டாவது, மேளகாரரைப் பக்கக் கதவுக்கு எதிர்ப்புறமாக இருத்துவது. மூன்றாவது, வெடி கொளுத்தாமல் இருப்பது. மூன்றாவதைக் கேட்கத்தான் தயங்கினேன். ஆனால் மாமா உடனே சொன்னார்: “வெடிச்சத்தம் கேட்டால் எனக்கே இன்னும் நெஞ்சு பதறுது, பிள்ளை. வெடி வேண்டாம் எண்டு நானே எல்லாருக்கும் சொல்லிவிடுறன்.” 2009 ஐக் கடந்து வந்த ஊர்களில் இந்த வேண்டுகோளை விளங்கப்படுத்த அதிக நேரம் தேவைப்படாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

ஐயரிடம் வேறொன்றைக் கேட்டுக்கொண்டேன். தட்டு சபைக்குள் வரும்போது நான் மணவறையின் மற்றப் பக்கத்தில் வேலையாக இருந்தால் என் தம்பிக்கு ஒரு கண் காட்டிவிடும்படி கேட்டதற்கு, “கட்டாயம் செய்யிறன் அம்மா, தம்பியை எனக்குத் தெரியிற இடத்தில இருக்கச் சொல்லுங்கோ” என்றார்.

இங்கே தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணமகளின் அண்ணன் என்ற முறையில் என் கணவருக்கும், அண்ணி என்ற முறையில் எனக்கும் மணவறையில் வேலை இருந்தது. நெருங்கிய உறவில் நடக்கும் திருமணத்தில் பெற்றோர் இருவரும் பிள்ளையைப் பார்ப்போம் என்று நம்புவது பெரிய பிழை. நாங்கள் முதல் முறை செய்த பிழை அதுதான். பந்தியும் வரவேற்பும் படமும் வேண்டாம், பிள்ளை மட்டும்தான் பொறுப்பு என்று ஒருவர் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் பிள்ளைக்கு நன்கு பழக்கமானவராகவும், “இப்போது வெளியே போகிறோம்” என்ற முடிவை யாரிடமும் கேட்காமல் எடுக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். என் தம்பி மகனோடு இருபத்து நாலு மணி நேரமும் இருக்கக்கூடியவன் என்பதால் அது எங்களுக்கு எளிதாயிற்று.

மூன்று வார ஒத்திகை

கைபேசியில் கெட்டிமேளத்தை முப்பது விநாடி மட்டும் வெட்டி வைத்துக்கொண்டோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில், ஐந்து படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, ஒலியை மிகக் குறைத்துப் போடுவோம். ஒலியைக் கூட்டும் குறைக்கும் பொத்தான் மகனின் விரலில் இருக்கும். அவன் நிறுத்தினால் அன்றைக்கு அவ்வளவுதான், மீண்டும் போடுவதில்லை. இந்த விதியை மீறினால் ஒத்திகையே பயமுறுத்தலாகிவிடும். மூன்று நாள் தொடர்ந்து நிறுத்தினால் அந்தத் துண்டைக் கைவிட்டு வேறொன்றைத் தெரிவு செய்ய வேண்டும். மூன்றாவது வாரத்தில் அவன் தானாகவே ஒலியைப் பாதிக்கு மேல் கூட்டினான்.

கைபேசியின் சின்ன ஒலிவாங்கியாலும் ஒலிபெருக்கியாலும் தவிலின் கனத்தைத் தர முடியாது. ஆகவே உண்மையான மேளத்தை ஒருமுறையாவது தூரத்திலிருந்து கேட்பது நல்லது. உருத்திரபுரம் சிவன் கோயில் வெளிவீதியில், பூசை மேளம் கேட்கும் தூரத்தில் ஓட்டோவை நிறுத்தி, உள்ளே போகாமலே கேட்டுவிட்டுத் திரும்பினோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. ஐந்து மீற்றரிலிருந்து இருபது மீற்றருக்குப் பின்வாங்கினாலே பிள்ளைக்கு நன்றாக வேறுபாடு தெரியும். மண்டபத்துக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே கடைசி வரிசையைவிடக் கதவு வாசல்தான் நல்ல இடம்.

காதுக்கவசம் வாங்கும்போது மர ஆலையிலும் புல்வெட்டும் இயந்திரத்திலும் வேலை செய்பவர்கள் போடுகின்ற, காது முழுவதையும் மூடும் வகையைப் பாருங்கள். பெரியவர்களின் அளவு பிள்ளையின் தலையில் தொய்ந்து நிற்கும், அப்போது பெட்டியில் எழுதியுள்ள அளவுக்குப் பயன் கிடைக்காது. பஞ்சு வைப்பதால் மிகச் சிறிதளவே குறையும். இசை கேட்கும் மின்னணுக் கவசங்கள் ஜெனரேற்றர் போன்ற தொடர் இரைச்சலுக்கு நல்லவை. வெடிச் சத்தத்துக்கும் திடீர் மேளத்துக்கும் அவற்றை நம்ப வேண்டாம். எதுவாயினும் வீட்டில் ஐந்து ஐந்து நிமிடமாகப் போட்டுப் பழக்காமல் அன்றைக்கே மாட்டினால் அதுவே இன்னோர் உறுத்தல். அதேவேளை நாள் முழுவதும் போட்டே இருந்தால், கழற்றும்போது சாதாரண ஒலியும் தாங்க முடியாததாகத் தோன்றலாம். தேவைப்படும் நிமிடங்களுக்கு மட்டும் போடுங்கள்.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுச் சேட்டை மூன்று முறை தோய்த்து, கழுத்துச் சீட்டை வெட்டி, பழைய பருத்திப் பெனியன் ஒன்றை உள்ளே போட்டோம். பட்டு வேட்டி பேச்சுக்கே இல்லை. சந்தனமும் பொட்டும் நெற்றியில் வேண்டாம் என்றால் புறங்கையில் வைக்கச் சொல்லலாம்.

முதல் நாளும் திருமண நாளும்

முதல் நாள் மாலை, சோடனைக்காரர்கள் வருவதற்கு முன், வெறும் மண்டபத்தில் இருபது நிமிடம் நடந்தோம். அப்போது மூன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: வெளியேறும் கதவு பூட்டப்படாமல் இருக்குமா, ஒதுங்கும் இடம் எது, மலசலகூடம் பிள்ளை போகக்கூடியதா. ஒதுங்குவதற்கு எங்களுக்குத் தரப்பட்ட பின்னறை அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் சுவருக்கு அப்பால் ஜெனரேற்றர் வைக்கும் மேடை இருப்பதைத் தம்பி கண்டான். அதனால் பின்னறையை விட்டுவிட்டு, பக்கக் கதவிலிருந்து நாற்பது அடி தூரத்தில் வேம்பின் கீழ் எங்கள் வானை நிறுத்துவது என்று முடிவெடுத்தோம். வானின் கண்ணாடிகளுக்குத் துவாய் கட்டினோம். அவனுடைய தலையணை, தண்ணீர்ப் போத்தல், வெறுஞ்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் கொண்ட பெட்டி ஆகியவை முதல் நாளே வானுக்குள் ஏறின. கலியாணச் சாப்பாட்டை உண்ண வைக்க அன்றைக்கு முயல வேண்டாம். மணமும் இலையும் பந்தி நெருக்கமும் அவனுக்குத் தனித்தனியே சுமை.

சுபநேரம் 10.30 க்கும் 11.15 க்கும் இடையில் இருந்தது. 7.45 க்கு மண்டபத்துக்குப் போய், மாமியோடு வாசல் வெளிச்சத்தில் படமெடுத்து, 8.10 க்கு வீடு திரும்பினான். அந்தப் படம் முன்பே எடுக்கப்பட்டதால், பிறகு குடும்பப் படத்துக்கு அவன் எங்கே என்று யாரும் தேடவில்லை. கூறை கொடுத்தவுடன் தம்பிக்கு நான் அழைப்பெடுக்க, அவர்கள் வந்து 10.25 க்குப் பக்கக் கதவுக்கு அருகில் இரண்டு கதிரைகளில் அமர்ந்தார்கள். தட்டு வந்தது. ஐயர் தம்பியைப் பார்த்தார். கவசம் மாட்டப்பட்டது. மேளம் முழங்க, மகன் தம்பியின் கையைத் தன் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு தொண்ணூற்று இரண்டு வரை எண்ணினான். அது முடிந்ததும் கவசத்தைத் தானே கழற்றினான்.

பிழை அதற்குப் பிறகுதான் நேர்ந்தது. மாலை மாற்றும்போது இளைஞர்கள் இருவர், நிறக் கடதாசித் துண்டுகளை வெடித்துப் பறக்கவிடும் குழாய்களைக் கொண்டுவந்து மணவறைக்கு முன்னால் இழுத்தார்கள். வெடி வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தும், கடதாசிக் குழாயை வெடி என்று யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அடுத்த முறை கேட்கும்போது அதையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மகன் எழுந்து முகத்தைச் சுவரோடு அழுத்திக்கொண்டான், முனகல் உயர்ந்தது. தம்பி ஒன்றும் பேசாமல் வானின் படம் உள்ள அட்டையை அவன் கண்ணுக்கு நேரே காட்டி, கதவைத் திறந்து முன்னால் நடந்தான். மகன் பின்தொடர்ந்தான். கதிரையிலிருந்து வானுக்குப் போக ஒரு நிமிடம் ஆகவில்லை.

வானுக்குள் அவன் அரைமணி நேரம் அழுதான். அந்த நேரத்தில் செய்யத் தக்கவை மிகக் குறைவு: கேள்வி கேட்காதிருத்தல், பேச்சைக் குறைத்தல், கூட்டம் சேரவிடாமல் கதவடியில் நிற்றல், தலையை மோதிக்கொள்ளக்கூடிய இடத்தில் தலையணையை வைத்தல். பிள்ளை விரும்பினால் மட்டும் அணைத்துக்கொள்ளுங்கள். பல பிள்ளைகளுக்கு மெல்லிய வருடலைவிட அழுத்தமான பிடி இதமளிக்கிறது, சிலருக்கோ அந்த வேளையில் எந்தத் தொடுகையும் ஆகாது. “இனி அழுதால் கொண்டுவர மாட்டேன்” என்ற சொல்லால் எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் அவன் எதையும் பெறுவதற்காக அழவில்லை. அடங்கிய பிறகு மண்டபத்துக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம் என்பது என் திடமான கருத்து. வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் குளம் இன்னும் நிரம்பித்தான் இருக்கிறது. 11.50 க்கு அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள்.

பெரியமாமி ஒருவர் வானுக்கு அருகில் வந்து, “கோயிலில ஒரு நூல் கட்டினால் சரியாப் போகும், பிள்ளை” என்றார். அவர் அன்போடுதான் சொன்னார். இப்படிப்பட்டவற்றுக்கு ஒரே விடையை முன்பே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்வது நல்லது. “அவனுக்குச் சத்தம் நோகுது மாமி, கொஞ்சம் அமைதியா இருந்தால் சுகமாகிடும்” என்று நான் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் போய் அங்கே நின்ற சிறுவர்களை அப்பால் அனுப்பினார்.

கோயிலும் திருவிழாவும்

கோயிலில் கெட்டிமேளத்துக்குரிய இடத்தைப் பூசை மணியும் சேமக்கலமும் பிடித்துக்கொள்கின்றன. இப்போது பல கோயில்களில் பொத்தானை அமுக்கியவுடன் மணியும் மேளமும் ஒன்றாக அடிக்கின்ற மின் இயந்திரம் உண்டு. முன்னறிவிப்பே இல்லாமல் முழு ஒலியில் தொடங்குவதால் கைமணியைவிட அது கடினம். ஐயரிடமோ தொண்டரிடமோ பூசை நேரத்தைக் கேட்டு, சாதாரண நாளில், இரண்டு பூசைகளுக்கு இடையில் பத்து நிமிடம் போய்வருவதிலிருந்து தொடங்குங்கள். வெளிவீதி, உள்வீதி, சந்நிதி என்று ஒவ்வொரு முறையும் ஒரு படி மட்டும் உள்ளே போகலாம். கற்பூரப் புகையும் சாம்பிராணியும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வாசலில் நின்று கும்பிடுவதே போதும். நண்பகலில் வீதி மணல் சுடும். வெறுங்காலில் நடக்க மறுக்கும் பிள்ளையைக் காலையில் கொண்டுபோங்கள். ஆண்கள் மேலாடை களைய வேண்டிய கோயிலாயின், வெற்றுடம்பில் பிறர் உரசுவதைத் தாங்காத பிள்ளைக்கு உள்ளே போகாமல் வெளியிலிருந்து வணங்கும் ஏற்பாட்டை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகிறவர்களும், ஆகஸ்ட் 15 ஆம் திகதித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகிறவர்களும் சனக்கூட்டத்தின் அளவை முன்பே அறிவார்கள். அந்த நாட்களில் பிள்ளையின் துண்டு சனம் திரளுமுன் விடியற்காலையிலோ, திருவிழா முடிந்து சில நாட்களுக்குப் பிறகோ இருக்கட்டும். வற்றாப்பளையில் கண்ணகை அம்மனைக் கும்பிடுவதற்குப் பொங்கல் இரவு ஒன்றுதான் இருக்கிறது என்பதில்லை.

அதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது தண்ணீரைப் பற்றியது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் ஒலியிலிருந்து தப்பவோ பிடித்த ஒன்றைத் தேடியோ சொல்லாமல் நடந்துவிடுகிறார்கள். அவர்களுள் பலரைத் தண்ணீர் ஈர்க்கிறது, அவ்வாறு போன பிள்ளைகளின் இறப்புகளுக்கு நீரில் மூழ்குதலே முதற் காரணமாக இருக்கிறது. நம் கோயில்களோ நீரோரத்தில் இருக்கின்றன. வற்றாப்பளை நந்திக்கடலின் கரையில், கனகாம்பிகை அம்மன் கோயில் இரணைமடுக் குளத்தின் அருகில். ஆகவே போய் இறங்கியவுடன் முதல் வேலை, குளம், கேணி, கிணறு, வாய்க்கால் எந்தப் பக்கம் என்று பார்த்து, பிள்ளைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு பெரியவர் நிற்பது. தூரத்திலிருந்தே தெரியும் நிறத்தில் சேட் போடுங்கள். புறப்படும்போது அந்த உடுப்போடு ஒரு படம் கைபேசியில் எடுங்கள். தொலைபேசி இலக்கத்தை மணிக்கட்டுப் பட்டியிலோ, பட்டி போட மறுத்தால் சேட்டின் உட்புறத்திலோ எழுதுங்கள்.

பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் ஓட வேண்டியது தண்ணீருக்கு. கடைகளையும் கூட்டத்தையும் பிறகு தேடலாம். ஒருவர் நீர்க்கரைக்கு ஓட, இன்னொருவர் கோயில் ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லட்டும், மற்றொருவர் 119 க்கு அழைக்கட்டும். அறிவிப்பில், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பமாட்டான், துரத்த வேண்டாம், அருகில் நின்று தண்ணீர்ப் பக்கம் போகவிடாமல் மறியுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சத்தமிட்டுத் துரத்தினால் அவன் ஓடிய காரணமே இரட்டிப்பாகும்.

தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வெடி அயலெல்லாம் வெடிக்கும். அதைத் தடுக்க வழியில்லை. பக்கத்து இரண்டு வீடுகளிடம் எந்த நேரத்தில் கொளுத்துவார்கள் என்று மட்டும் கேளுங்கள். நேரம் தெரிந்தால் அந்த அரைமணியில் பிள்ளையை உள்ளறையில் மின்விசிறி இரைச்சலோடும் கவசத்தோடும் வைத்திருக்கலாம். கொண்டாட்டங்களில் மினுக்கும் விளக்குகள் போடப்படுமாயின் இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: ஓட்டிசம் உள்ளவர்களிடையே வலிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. வலிப்புக்கு மாத்திரை எடுக்கும் பிள்ளையாயின் திருவிழா அலைச்சலில் வேளையும் நித்திரையும் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மினுக்கும் விளக்குப் பற்றி மருத்துவரிடம் முன்பே கேளுங்கள்.

வளர்ந்த உறவினர் ஒருவருக்காகத் திட்டமிடும்போது எல்லாவற்றையும் அவரிடமே கேட்டுச் செய்யுங்கள். என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவருக்கு இப்போது முப்பது வயது. சாப்பாட்டு நேரத்தை முற்றாக விட்டுவிட்டு, முதல் நாள் பந்தல் கட்டும் இடத்தில் கயிறு பிடிப்பதுதான் அவருக்குப் பிடித்த கலியாணம். மறுநாள் அவர் வரவில்லை, எங்கே என்று யாரும் கேட்காதபடி மாமா பார்த்துக்கொண்டார்.

திருமணத்துக்கு மறுநாள் மகனைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. அவன் பிற்பகல் வரை நித்திரை கொண்டான், மாலையில் மாமியோடு எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நூறு வரை எண்ணினான். நான் கொப்பியில் மூன்று வரி எழுதினேன்: கதவோரக் கதிரை சரி, கவசத்தை மாலை மாற்றி முடியும் வரை கழற்றவிடக் கூடாது, கடதாசிக் குழாய் வேண்டாமென்று அடுத்த வீட்டாருக்குச் சொல்ல வேண்டும்.